மாதிரிப் படத்தில் முகம் மட்டும் போதும்

AI-யால் படம் உருவாக்கும் கல்யாண ஆல்பம் வேலையில் இப்போது அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: "கடற்கரையில், வெள்ளைப் பருத்தி உடையில் நிற்பது போலக் கேட்டோம். ஏன் பட்டுப்புடவையிலேயே வருகிறது?" எப்படிப்பட்ட படம் வேண்டும் என்று AI-க்கு எழுதித் தரும் வரைவுக்குறிப்பை மாற்றி மாற்றி எழுதிப் பார்ப்பார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இல்லை, கொடுத்த மாதிரிப் படத்தில்தான் இருக்கும்.

முகச்சாயலைப் படத்திலிருந்து எடுத்துக்கொள்ள Stable Diffusion என்ற AI-யில் பலரும் IP-Adapter என்ற துணைக்கருவியைப் பயன்படுத்துகிறோம். அதற்குள் இருக்கும் பட வாசிப்பான், நாம் தரும் படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் 224 × 224 பிக்சலுக்குச் சுருக்கிவிடும். சதுரமாக இல்லாவிட்டால் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும். அந்தச் சதுரத்தை 14 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துப் படிக்கும். மொத்தம் 256 கட்டங்கள். எது முகம், எது திரைச்சீலை என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை.

ஒரு கணக்கு போடுவோம். சிவப்புத் திரை முன்னால் பச்சைப் பட்டில் ஒரு பெண், 3000 × 4000 படம். முகம் 600 அகலம், 800 உயரம். சுருங்கியதும் அந்த முகம் சுமார் 45 × 60 பிக்சல். 256 கட்டங்களில் பதின்மூன்று, பதினான்குதான். மீதி எல்லாம் புடவையும் திரையும். மேலே 500 பிக்சல் வேறு வெட்டுப்படுவதால், தலை உயரத்தில் இருந்தால் உச்சி போய்விடும். சாயல் வராமல் பச்சைக் கரையும் செவ்வானமும் வருவதில் ஆச்சரியமே இல்லை.

அதே படத்தை முகத்தைச் சுற்றி 1000 × 1000 ஆக வெட்டினால், கட்டங்களில் ஏறக்குறைய பாதி முகத்துக்குக் கிடைக்கும். தாடைக்குக் கீழே கழுத்து கொஞ்சம் இருக்கட்டும், ஆனால் ரவிக்கை விளிம்பு தெரியக் கூடாது. ஒரு விரல் அகலக் கரை தெரிந்தாலும் அதை வைத்தே முழுப் புடவையையும் கட்டிவிடும்! அதற்குப் பயந்து தாடையோடு ஒட்ட வெட்டினால் முக வடிவம் கெடும். இருபக்கமும் மிஞ்சும் சிவப்பை மங்கிய சாம்பல் நிறத்தால் பூசிவிடுங்கள். தூய வெள்ளை வேண்டாம், ஸ்டூடியோச் சுவர் போல வெளுத்த பின்னணி வந்து நிற்கும்.

புடவையும் திரையும் புதுப் படத்தில் ஒழுகுவது நின்றதா என்று பார்க்க, படம் தொடங்கும் புள்ளியை முடிவுசெய்யும் seed எண்ணை மாற்றாமல் வைத்து, உடையையும் இடத்தையும் மட்டும் மாற்றிச் சில படங்கள் எடுங்கள். எல்லாவற்றிலும் அதே நிறம் திரும்பி வந்தால் வெட்டியது போதவில்லை. சரியாக வெட்டிய அப்புறம்தான், மாதிரிப் படத்தின் தாக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் weight-ஐக் குறைக்க வேண்டும். முதலிலேயே குறைத்தால் புடவையோடு சாயலும் சேர்ந்து போகும்.

வெட்டித் தீராதவையும் உண்டு. ஜிமிக்கி, நெற்றிச்சுட்டி, தலைப்பூ இவற்றைக் கையால் அழித்துத்தான் ஆக வேண்டும். சிவப்புத் திரையின் வெளிச்சம் கன்னத்தில் பட்டிருந்தால் எப்படி வெட்டினாலும் அது கூடவே வரும். அந்த மாதிரிப் படம் வந்தால் பகல் வெளிச்சத்தில் எடுத்த வேறொன்றைக் கேட்டு வாங்கிவிடுவேன்.