பணவனுப்பல்: பரிமாற்றமும் அல்ல, அந்நியச் செலாவணியும் அல்ல

“வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பணப்பரிமாற்றம் அதிகரித்துள்ளது.” இலங்கை மத்திய வங்கி மாதக் கணக்கை வெளியிடும்போதெல்லாம் இந்த வசனம் ஏதாவது ஒரு செய்தியில் வந்துவிடுகிறது. வேறு சிலர் அதையே “அந்நியச் செலாவணி அனுப்புதல்” என்று எழுதுகிறார்கள். இரண்டும் பிழை. இத்தனைக்கும் மத்திய வங்கியின் தமிழ் அறிக்கையிலேயே ‘தொழிலாளர் பணவனுப்பல்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. அதைப் பார்த்துச் செய்தி எழுதுகிறவர்கள், “இது யாருக்கு விளங்கும்?” என்று அதைத் தள்ளிவிட்டு, விளங்குவதுபோல் தோன்றுகிற பிழையான சொல்லைப் போட்டுவிடுகிறார்கள்.

ஆங்கிலத்தின் ‘ரெமிட்டன்ஸ்’ திருப்பி அனுப்புதல் என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து வந்தது. தண்டனையைக் குறைப்பதும், பாவத்தை மன்னிப்பதும், கட்டணம் செலுத்துவதும் அதே வேரில் பிறந்த சொற்களால்தான் சொல்லப்படுகின்றன. அந்தக் கிளைகள் எதுவும் நமக்குத் தேவையில்லை. பிழைக்கப் போனவர் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார், அவ்வளவுதான் பொருள். பணம் என்பதோடு அனுப்பல் சேர்ந்தால் மகரம் கெட்டு, வகரம் உடம்படுமெய்யாக வந்து ‘பணவனுப்பல்’ ஆகும். மரம், அடி இரண்டும் சேர்ந்து ‘மரவடி’ ஆவதும் இப்படித்தான். காதுக்குப் புதிதாக இருக்கலாம், இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. பிரித்து எழுத விரும்புகிறவர்கள் ‘பணம் அனுப்பல்’ என்றே எழுதட்டும். அதற்கும் என் ஆட்சேபம் இல்லை.

ஆட்சேபம் ‘பரிமாற்றம்’ மீதுதான். கருத்துப் பரிமாற்றம் என்றால் இருவரும் பேச வேண்டும். பண்டப் பரிமாற்றம் என்றால் நெல் கொடுத்து உப்பு வாங்க வேண்டும். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பெறுவது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ரியாத்தில் வீட்டுவேலை செய்கிற பெண் ஏறாவூரில் இருக்கும் தாய்க்கு அனுப்புகிற காசுக்கு எதிராக எது திரும்பிப் போகிறது? ஒன்றும் இல்லை. இந்தத் தன்மைதான் பொருளியலில் இந்தக் கருத்தின் உயிர்நாடி. நாட்டுக்குள் வரும் பணத்தையும் வெளியே போகும் பணத்தையும் காட்டும் சென்மதி நிலுவையை எழுதும்போது ஏற்றுமதி வருமானம் ஒரு கணக்கில் விழும், ஏனென்றால் அதற்கு ஈடாகத் தேயிலையோ தைத்த உடுப்போ வெளியே போயிருக்கிறது. தொழிலாளர் அனுப்பும் பணம் இரண்டாந்தர வருமானம் என்ற வேறு கணக்கில் விழும். ஈடாக எதுவும் போகாமல் ஒருவழியாக வந்த பணம் என்பதுதான் அப்படிப் பிரிப்பதற்குக் காரணம். அதைப் பரிமாற்றம் என்று எழுதுகிறவர், எந்த வேறுபாட்டுக்காக அந்தக் கணக்கையே தனியாக வைத்திருக்கிறார்களோ அதை ஒரே சொல்லில் அழித்துவிடுகிறார். காசை மாற்றிக் கொடுக்கும் கடைக்காரரும் பணம் அனுப்பும் சேவைக்காரரும் பெயர்ப்பலகையில் ‘பணப்பரிமாற்றம்’ என்று எழுதிவைத்திருப்பது குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது. ரியாலைக் கொடுத்து ரூபா வாங்கினால் அது பரிமாற்றம்தான், நாணயப் பரிமாற்றம். அந்த ரூபா யாருக்காவது போய்ச் சேர்வது வேறு வேலை.

‘அந்நியச் செலாவணி’ இதைவிட ஆபத்தான பிழை. செலாவணி என்பது செல்லுபடியாகிற நாணயம். அந்நியச் செலாவணி என்றால் வேற்று நாட்டு நாணயம், நம் பேச்சில் பெரும்பாலும் டொலர். பணவனுப்பல் நடந்தால் டொலர் வரும் என்று எல்லோரும் எண்ணிக்கொள்வதால்தான் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஆனால் காசு வீட்டுக்கு வந்து, டொலர் வங்கிக்கு வராமல் போகலாம். 2021, 2022 ஆண்டுகளில் இலங்கையில் நடந்தது அதுதான்.

2021 இன் பிற்பகுதியிலிருந்து 2022 மார்ச் தொடக்கம்வரை ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா என்று பிடித்து வைக்கப்பட்டிருந்தது. வெளியே அதன் விலை 240ஐத் தொட்டும் தாண்டியும் போனது. சவூதியில் மாதம் 1,000 ரியால் சம்பளம் எடுக்கிற ஒருவரை எண்ணிக்கொள்வோம். 3.75 ரியால் ஒரு டொலர் என்பது அங்கே நெடுங்காலமாக மாறாத வீதம். ஆகவே அவர் கையில் இருப்பது ஏறக்குறைய 267 டொலர். வங்கி வழியாக அனுப்புகிறவர்களை இழுப்பதற்காக டொலருக்கு 10 ரூபா ஊக்கத்தொகை கொடுத்தார்கள். அதையும் சேர்த்து 210 என்று வைத்தால் வீட்டுக்குக் கிடைப்பது 56,000 ரூபா. வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் அனுப்பும் உண்டியலில் 240க்கு அனுப்பினால் 64,000. எட்டாயிரம் ரூபா வித்தியாசம். பிள்ளையின் பால்மாவும் ரியூஷன் காசும் அந்த எட்டாயிரத்துக்குள் இருக்கும்போது, நாட்டுப்பற்றைக் காட்டி வங்கிக்கு வரச் சொல்வது எடுபடவில்லை.

உண்டியலில் காசு போகிற வழி எளிது. ரியாத்தில் ஒருவர் ரியாலை வாங்கிக்கொண்டு கொழும்பில் இருக்கும் தன் ஆளுக்கு வாட்ஸ்அப்பில் பெயரும் தொகையும் அனுப்புவார். அந்த ஆள் வீட்டுக்குக் காசைக் கொண்டுபோய்க் கொடுப்பார், அல்லது கணக்கில் போடுவார். அந்த ரூபா பெரும்பாலும் ஓர் இறக்குமதி வியாபாரியுடையது. வெளிநாட்டில் சரக்கு வாங்க அவருக்கு டொலர் வேண்டும், வங்கியில் கிடைக்காது. ஆகவே ரியாத்தில் சேர்ந்த பணத்தைத் தன் சரக்குக்குக் கொடுக்க வைத்து, இங்கே ரூபாவைத் தருகிறார். சரக்கு வந்துவிடும். தாய்க்குக் காசும் வந்துவிடும். ஆனால் எரிபொருள் கப்பலுக்கும் எரிவாயுவுக்கும் மருந்துக்கும் கட்டவேண்டிய டொலர் வங்கிகளின் கைக்கு எட்டாது.

வங்கிகள் வழியாக வந்த பணவனுப்பல் 2020 இல் சுமார் 7,100 மில்லியன் டொலர். 2021 இல் அது 5,490 மில்லியனாகவும், 2022 இல் 3,790 மில்லியனாகவும் இறங்கியது. அதே 2022 இல் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்கு வெளிநாடு போனார்கள், அதுவரை எந்த ஆண்டிலும் இல்லாத எண்ணிக்கை. போனவர்கள் அனுப்பாமல் இருந்தார்களா? அனுப்பினார்கள், வேறு வாசலால். “வெளிநாட்டில் உள்ளோர் பணம் அனுப்புவது பாதியாகக் குறைந்தது” என்று அப்போது தமிழில் எழுதப்பட்ட தலைப்புகள், உழைத்து அனுப்பியவர்கள்மீது வீண்பழி போட்டன. குறைந்ததோ அந்நியச் செலாவணி வரவுதான். இரண்டுக்கும் இரண்டு சொல் இருந்தும் ஒன்றாகவே எழுதிப் பழகியதால் உண்மையைச் சொல்ல அவர்களிடம் சொல் இருக்கவில்லை. 2022 மார்ச்சில் வீதத்தை விட்டுவிட்டதும் இரண்டு விலைகளும் கிட்ட வந்தன, மெல்ல மெல்ல வங்கிக்கும் காசு திரும்பியது.

‘உண்டியல்’ பற்றியும் ஒரு வார்த்தை. இன்றைய செய்திகளில் அது கள்ளக்கடத்தலின் மறுபெயர்போல வருகிறது. செட்டியார்களின் கொடுக்கல் வாங்கலில் அது மதிப்புள்ள கடன் கடிதம். காட்டியவுடன் பணம் கொடுக்கவேண்டியதற்குத் தரிசன உண்டியல் என்று பெயர். கோயில் உண்டியல் வேறு, இது வேறு. சட்டத்துக்குப் புறம்பான வழியைக் குறிக்கவேண்டுமானால் ‘சட்டவிரோத உண்டியல்’ என்று முழுதாக எழுதுவதே நேர்மை.

நான் பணவனுப்பல் என்ற சொல்லை விடாமல் பிடிப்பதற்கு இன்னொரு காரணம், அதில் அனுப்புகிறவர் இருக்கிறார். அனுப்பல் என்றதும் யார், யாருக்கு என்று கேட்கத் தோன்றும். செலாவணி என்றால் அந்தக் கேள்வியே எழாது. கிழக்கு மாகாணத்தில் யாரும் செலாவணி என்று பேசுவதில்லை, “சல்லி வந்திட்டா?” என்றுதான் கேட்கிறார்கள். வளைகுடாவுக்குப் பணிப்பெண்ணாகப் போகிறவருக்குப் புறப்படும் முன்பே ஏஜென்சி ஒரு தொகை கொடுப்பது அங்கே வழக்கம். அது கடனுக்கும் அடகில் கிடக்கும் நகைக்கும் போய்விடும். மாதாமாதம் வருவது கடைக் கொப்பிக் கணக்கு, பிள்ளைகளின் செலவு, அவர்களைப் பார்க்கிற தாயின் மருந்து என்று கரையும். மிஞ்சுவது வீட்டுக்கு. இரண்டு வருட ஒப்பந்தம் ஒன்றில் அத்திவாரமும் சுவரும், அடுத்ததில் கூரை, அதற்கடுத்ததில் பூச்சும் கதவும் என்று வளரும் வீடுகளை ஊர்களில் காணலாம்.

அங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்ணுக்கே சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். ஆகவே சவூதிக் காசில் எழும் வீடு மகளின் கலியாணம். ஒரு தெருவில் நாலு கல்வீடு எழுந்துவிட்டால் ஐந்தாவது வீட்டுக்காரரும் கல்வீடு இல்லாமல் கலியாணப் பேச்சுக்குப் போக முடியாது. காணி விலையும் மேசன் கூலியும் ஏறும். வெளிநாட்டில் யாரும் இல்லாத குடும்பமும் யாரையாவது அனுப்ப யோசிக்கத் தொடங்கும். பொருளியல் அறிக்கைகள் இதை “உற்பத்தியற்ற செலவு” என்று எழுதுவதையும், மொழிபெயர்ப்பாளர்கள் அதை யோசியாமல் அப்படியே தமிழாக்குவதையும் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்த வீடு அந்தப் பெண்ணுக்குச் சொத்து, மகளுக்குப் பாதுகாப்பு. பிழையாகிப்போகிற இடம் வேறு: காசு கணவன் பேரிலுள்ள கணக்குக்குப் போய், காணி உறுதியும் அவன் பேரில் எழுதப்படுகிற வீடுகள். இரண்டு ஒப்பந்தம் முடிந்தும் அத்திவாரத்தில் புல் முளைத்திருந்தால் காசு எங்கே நின்றது என்று அயலவர்களுக்கே தெரியும்.

மத்திய வங்கியின் மொழிபெயர்ப்பாளர்களிடமும் ஒரு குறை. ‘பணவனுப்பல்கள்’ என்று ‘கள்’ போடத் தேவையில்லை. ஆங்கிலப் பன்மையைத் தவிர அதற்கு வேறு நியாயம் கிடையாது. ‘ஏற்றுமதி’ என்று ஒருமையில் எழுதி நாட்டின் மொத்த வணிகத்தையும் சொல்கிறோமே. தொகையைக் குறிக்கும்போது ‘அனுப்பிய பணம்’ என்று அவிழ்த்து எழுதலாம். செய்தி எழுதுகிறவர்கள் அதோடு வழியையும் சேர்க்கவேண்டும்: “2023 இல் வங்கிகள் வழியாக வந்த தொழிலாளர் பணவனுப்பல் 5,970 மில்லியன் டொலர்.”