முப்பதாயிரம் எங்கே போச்சு?

நல்லூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு இலட்சம் ரூபாவுக்கு, அரசு கடன் வாங்குவதற்காக விற்கும் பத்திரமான திறைசேரி முறி வாங்கி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 10 வீதம். அரசு முதலைத் திருப்பித் தரும் நாளான முதிர்வுக்கு இன்னும் 5 ஆண்டுகள். உண்மையில் வட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும். கணக்கு இலகுவாக இருக்க, ஆண்டுக்கொருமுறை என்று எடுப்போம்.

2022 ஏப்ரல் 8 அன்று இலங்கை மத்திய வங்கி, வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வீதத்தை 7.5இலிருந்து ஒரே தாவலில் 14.5 ஆக்கியது. அந்த மாதிரிக் காலத்தில் புதிய முறிகள் 20 வீதம் தருகின்றன என்று எடுங்கள். ஆசிரியர் அவசரத்துக்குத் தன் முறியை விற்கப் போனால் கிடைக்கும் விலை 70,094 ரூபாதான். "தம்பி, முப்பதாயிரம் எங்க போச்சு?" என்று அவர் கேட்பது நியாயம்தானே.

முறி தரும் காசு மாறவில்லை: ஆண்டுக்கு 10,000, கடைசியில் ஒரு இலட்சம். ஆனால் வாங்க வருபவருக்கு வேறு இடத்தில் 20 வீதம் கிடைக்கும்போது, இந்தப் பழைய முறிக்கு அவர் ஏன் முழு விலை கொடுக்க வேண்டும்? இதிலும் 20 வீதம் வரும் அளவுக்கு விலை இறங்கினால்தான் வாங்குவார்.

அந்த 70,094ஐக் கொப்பியில் எழுதி, ஆண்டுதோறும் 20 வீதம் கூட்டி, கையில் வந்த 10,000ஐக் கழித்துப் பாருங்கள். முதலாம் ஆண்டு முடிவில் 74,113. அப்புறம் 78,935, 84,722, 91,667. ஐந்தாம் ஆண்டில் வட்டி கழித்து மிஞ்சுவது சரியாக ஒரு இலட்சம். அதையும் அரசு கொடுத்துவிடக் கணக்கு பூச்சியமாகிறது. இப்படிக் கணக்கை மிச்சமில்லாமல் மூடும் அந்த ஒரேயொரு வீதம்தான் முதிர்வு வரையான விளைவு வீதம். 70,094 கொடுத்து 10,000 வாங்கினால் 14.3 வீதம்தானே என்று சிலர் நினைப்பார்கள். அதில் குறைந்த விலைக்கு வாங்கியதால் கடைசியில் கூடுதலாக வரும் 29,906 ரூபா சேரவில்லை.

இதே கொப்பி இன்னொன்றும் காட்டுகிறது. முதிர்வுக்கு ஒரு ஆண்டே இருக்கும் முறி, அதே 20 வீதச் சந்தையில், 91,667க்கு விலைபோகும். தவணை நீளமென்றால் அடியும் பெரிது. கிட்டத்தில் காசு தேவைப்படுபவருக்கு நீண்டகால முறியை நான் சொல்லமாட்டேன்.

ஆசிரியர் முதிர்வு வரை விற்காமல் இருந்தால் போட்ட முதல் குறையாது. 20 வீதத்துக்குப் போட்டிருக்கக்கூடிய காசு 10 வீதத்தில் கிடக்கும், அவ்வளவுதான்.

வாங்கியவருக்கும் 20 வீதம் முழுசாகக் கைக்கு வரும் என்றில்லை. வந்த ஒவ்வொரு 10,000ஐயும் அவர் மறுபடி 20 வீதத்துக்கே போட்டால்தான் ஐந்தாண்டு முடிவில் கையில் 174,416 ரூபா இருக்கும். அலுமாரியில் பூட்டி வைத்தால் மொத்தம் 150,000; அப்போது அவருடைய காசு ஆண்டுக்கு 16.4 வீதம் அளவில்தான் வளர்ந்திருக்கும்.