கிரிட்டிகல் ரேஸ்: விளைவு மாற்றும் முந்துபோட்டி

மின்னணுவியல் வகுப்புகளில் “இந்த வரியில் கிரிட்டிகல் ரேஸ் இருக்கிறது” என்று சொல்லக் கேட்டிருப்போம். கடிகாரத் துடிப்பு இல்லாமல் இயங்கும் ஒத்திசைவற்ற தொடர்வரிசைச் சுற்றுகளில், சுற்றின் நிலையைக் குறிக்கும் பிட்டுகளில் இரண்டோ அதற்கு மேலோ ஒரே சமயத்தில் மாற வேண்டியிருக்கும்போது, எது முந்துகிறது என்பதைப் பொறுத்துச் சுற்று வெவ்வேறு நிலைகளில் போய் நின்றுவிடக்கூடும் என்றால் அதற்கு அந்தப் பெயர். எது முந்தினாலும் கடைசியில் ஒரே நிலைக்கே வந்து சேரும் என்றால், போட்டி இருந்தும் அதனால் தீங்கில்லை.

இச்சொல்லின் இரண்டாம் பாதியான ‘ரேஸ்’, ஓட்டத்தையும் நீரின் விரைந்த பாய்ச்சலையும் குறித்த ‘ராஸ்’ என்னும் பழைய நார்ஸ் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. மின்சுற்றுத் துறையில் 1954ஆம் ஆண்டுக்குள் இது வழக்குக்கு வந்துவிட்டது. எந்த உள்ளீட்டில் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போக வேண்டும் என்று காட்டும் பாய்வு அட்டவணை முறையை வகுத்த டேவிட் ஹஃப்மன், தொடர்வரிசைச் சுற்றுகளைப் பற்றிய தம் ஆய்வில் இதைப் பயன்படுத்துகிறார். அது ரிலேக்களின் காலம். இரண்டு ரிலேக்களுக்கு ஒரே கணத்தில் மின்சாரம் பாய்ந்தாலும் அவற்றின் தொடுமுனைகள் ஒரே கணத்தில் சேர்வதில்லை.

‘கிரிட்டிகல்’ என்பதில்தான் தமிழாக்கம் சறுக்குகிறது. செய்தித்தாள் பழக்கத்தில் இதை ‘நெருக்கடி’ என்று பெயர்த்தால், அபாயம் என்ற பொருள் கிடைக்கிறதே தவிர இலக்கணம் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்களின் ‘மாறுநிலைக் கோணம்’, இலங்கைப் பாடநூல்களின் ‘அவதிக் கோணம்’ ஆகியவற்றில் இதே ஆங்கில அடைமொழி ஓர் எல்லை மதிப்பைக் குறிக்கிறது. இங்கே எல்லை மதிப்பு எதுவும் இல்லை. கிரேக்க மூலத்தில் இச்சொல்லுக்குத் ‘தீர்ப்பளிப்பது’ என்று பொருள். முந்தியது யார் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்ற அந்தப் பொருள்தான் இங்கே அப்படியே பொருந்துகிறது. ‘ரேஸ்’ என்பதற்கு ‘ஓட்டம்’ என்றால் மின்னோட்டத்தோடு குழம்பும்; ‘பந்தயம்’ என்றால் பணயம் வைக்கும் வாடை வரும். ஆகவே ‘விளைவு மாற்றும் முந்துபோட்டி’ என்பதும், தீங்கற்றதற்கு ‘விளைவு மாற்றா முந்துபோட்டி’ என்பதும் சரியான தமிழ் என்பது என் முடிவு. நீளம்தான், ஆனால் பெயரைப் படித்தவுடனே சோதனை முறையும் விளங்கிவிடுகிறது.

ஒரு பொத்தானையும் ஒரு விளக்கையும் எடுத்துக்கொள்வோம். ஒரு முறை அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும்; விரலை எடுத்தாலும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும்; மறுமுறை அழுத்தினால் அணைய வேண்டும்; விரலை எடுத்தபின் அணைந்தே இருக்க வேண்டும். பொத்தானின் தொடுமுனை அதிராமல் ஒரே முறை சேர்ந்து ஒரே முறை பிரிகிறது என்றும், சுற்று நிலைபெற்ற பிறகே அடுத்த அழுத்தம் வருகிறது என்றும் கொள்வோம். அழுத்திய நிலையை `x=1` என்று எழுதினால், பாய்வு அட்டவணை இப்படி அமைகிறது. அடைப்புக்குறிக்குள் இருப்பவை நிலைபெற்றவை. `b`, `c` இரண்டிலும் விளக்கு எரியும்.

```
நிலை    x=0    x=1
 a      (a)     b
 b       c     (b)
 c      (c)     d
 d       a     (d)
```

நான்கு நிலைகளுக்கு இரண்டு பிட்டுகள் போதும். கை பழகிய வரிசையில் `a=00`, `b=01`, `c=10`, `d=11` என்று கொடுத்துவிடுகிறோம். அழுத்தும்போது `00` என்பது `01` ஆகிறது. ஒரே பிட் மாறுவதால் போட்டிக்கே இடமில்லை. விரலை எடுக்கும்போதுதான் `01` என்பது `10` ஆக வேண்டும். இடது பிட் எழ வேண்டும், வலது பிட் விழ வேண்டும். இரண்டும் வெவ்வேறு கேட்டுகளின் வழியாக வருவதால், சில நானோநொடிகளாவது ஒன்று முந்தும்.

வலது பிட் முந்தினால் சுற்று `00` என்ற இடத்தைத் தொடுகிறது. `x=0` நிரலில் `a` நிலைபெற்றது என்பதால் சுற்று அங்கேயே நின்றுவிடும். இடது பிட் முந்தினால் `11` வருகிறது. அங்கே அட்டவணை `a`க்குப் போகச் சொல்வதால் இடது பிட் மீண்டும் விழப் பார்க்கும். விழுந்தால் `01`, அங்கே மறுபடி எழச் சொல்லும். வலது பிட் விழும்வரை இடது பிட் இப்படி எழுந்து விழுந்துகொண்டிருக்கும். வலது பிட் விழுகிற கணத்தில் இடது பிட் எங்கே இருந்ததோ அதைப் பொறுத்து `c` அல்லது `a` கிடைக்கும்.

இந்தச் சுற்றை முதன்முதலில் பலகையில் பொருத்தியபோது, அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் என் விளக்கு எரிந்தது; விரலை எடுத்ததும் அணைந்தது. வலது பிட் எப்போதும் முந்திக்கொண்டதால், `c` என்ற நிலைக்குச் சுற்று ஒருநாளும் போய்ச் சேரவில்லை. கம்பி இணைப்பில் பிழை என்று எண்ணி ஒரு மாலை முழுவதும் தேடினேன். இப்படிப்பட்ட ஐயம் வந்தால், ஒரு பின்னூட்டப் பாதையில் இரண்டு இன்வர்ட்டர்களைத் தொடராகச் சேர்த்துப் பாருங்கள். தருக்கம் மாறாது, தாமதம் மட்டும் கூடும். அப்போது சுற்றின் நடத்தை மாறினால், அது தாமதத்தை நம்பி நின்ற சுற்று என்று தெரிந்துகொள்ளலாம். எல்லாக் கேட்டுகளுக்கும் ஒரே தாமதம் வைக்கும் கணினி மாதிரியில் இரு பிட்டுகளும் சேர்ந்தே மாறுவதால், இந்தக் குறை அங்கே தெரியாமல் போகக்கூடும்.

அட்டவணையைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். `x=0` நிரலில் `a`, `c` என இரண்டு நிலைபெற்ற இடங்கள் இருப்பதால்தான் வழிதவற இடமுண்டாகிறது. ஒரு நிரலில் நிலைபெற்ற இடம் ஒன்றே ஒன்றாக இருந்து, மற்ற எல்லாக் கட்டங்களும் (பயன்படாத குறியீடுகள் உட்பட) நேராக அதையே காட்டினால், அந்த நிரலில் எத்தனை பிட்டுகள் போட்டியிட்டாலும் விளைவு மாறாது.

நம் சுற்றுக்கான மருந்து குறியீட்டை மாற்றுவதுதான். `a=00`, `b=01`, `c=11`, `d=10` என்று ஒதுக்கினால், `a`யிலிருந்து புறப்பட்டு நான்கு நிலைகளையும் சுற்றி வரும்போது ஒவ்வொரு அடியிலும் ஒரே ஒரு பிட்தான் மாறுகிறது. போட்டியிட இருவர் இல்லை. கூடவே, விளக்கு எரியும் `b`, `c` இரண்டிலும் வலது பிட் `1`. ஆகவே விளக்கைத் தனிக் கேட் இல்லாமல் நேரே அந்தப் பிட்டிலேயே இணைத்துவிடலாம்.

எல்லா அட்டவணையும் இப்படி இணங்காது. மூன்று நிலைகள் ஒன்றிலிருந்து மற்ற இரண்டுக்கும் நேரே போக வேண்டியிருந்தால், எத்தனை பிட்டுகள் கொடுத்தாலும் அந்த முக்கோணத்தை ஒற்றைப் பிட் மாற்றங்களால் மூட முடியாது. ஒரு பிட் மாறும்போதெல்லாம் குறியீட்டிலுள்ள `1`களின் எண்ணிக்கை ஒற்றைப்படைக்கும் இரட்டைப்படைக்கும் இடையே மாறுகிறது. மூன்று அடிகளில் புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப அது விடாது. அப்போது ஒரு நிலையை இடைத்தங்கலாகச் சேர்க்கிறோம். `a=00`, `b=01`, `c=11` என்று வைத்து, `a` வரியில் `c` என்று இருந்த கட்டத்தில் `d` என்று எழுதி, புதிய `d=10` வரியின் அதே நிரலில் `c` என்று எழுதினால், சுற்று `00`, `10`, `11` என்ற வழியில் பாதுகாப்பாகப் போய்ச் சேரும். எதிர்த்திசை மாற்றத்தையும் இவ்வாறே `d` வழியாக, அதற்குரிய நிரலில் திருப்பிவிட வேண்டும். இதற்கு விலை நேரம்: ஓர் அடியில் முடிய வேண்டிய மாற்றம் இரண்டு அடிகளை எடுத்துக்கொள்ளும், அதுவரை உள்ளீடு மாறக் கூடாது.

குறியீட்டு ஒதுக்கீடு தீர்ப்பது பிட்டுகளுக்கு இடையிலான போட்டியை மட்டுமே. உள்ளீட்டு மாற்றத்துக்கும் பிட் மாற்றத்துக்கும் இடையே இன்னொரு போட்டி உண்டு. நம் பொத்தான் சுற்றில் `a`யிலிருந்து `x` ஒருமுறை மாறினால் `b`யும், மூன்றுமுறை மாறினால் `d`யும் வருகின்றன. இவ்விரண்டும் வேறுபடும் அட்டவணைகளில், எந்தக் குறியீட்டாலும் நீக்க முடியாத இடர் ஒன்று இருப்பதை ஸ்டீபன் அங்கர் 1959இல் காட்டினார். `x` மாறிய செய்தி எல்லாக் கேட்டுகளுக்கும் போய்ச் சேர்ந்த பிறகே பிட் மாற்றம் திரும்பி வரும்படி, பின்னூட்டப் பாதையில் வேண்டுமென்றே தாமதம் வைத்துத்தான் அதைத் தடுக்க வேண்டும்.