மூணு பின் ஃபேனை நாலு பின்னில் செருகிவிட்டு, சத்தம் என்று ஃபேனை மாற்றாதீர்கள்

கீழக்கரையில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. அங்கிருக்கும் கம்ப்யூட்டர் கேபினெட்டின் முன்பக்கம் 120 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு. காலையில் சுவிட்சைப் போட்டால் கடை அடைக்கும்வரை ஒரே இரைச்சல். இரண்டு முறை ஃபேன் மாற்றிப் பார்த்துவிட்டார்கள், சத்தம் குறையவில்லை. இந்தக் கோடையில் இதே கோளாறோடு வந்த நாலாவது சிஸ்டம் இது. நாலிலும் ஃபேன்கள் நன்றாகத்தான் இருந்தன.

“மதர்போர்டில் நாலு பின் இருக்கிறதே, வேகம் தானாகக் கூடிக் குறையும்தானே?” என்று எல்லாரும் கேட்கிறார்கள். தயவுசெய்து இதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். வேகத்தைக் குறைக்க இரண்டு வழி உண்டு. நாலு பின் ஃபேனுக்கு 12 வோல்ட் எப்போதும் முழுதாகப் போகும். எவ்வளவு சுற்ற வேண்டும் என்ற கட்டளை மட்டும் நாலாவது கம்பியில் துடிப்புகளாக வரும், இதுதான் `PWM`. மூணு பின் ஃபேனில் அந்தக் கம்பியே கிடையாது. அதன் வேகத்தைக் குறைக்க வோல்டேஜையே குறைத்தாக வேண்டும், இது `DC`. பயாஸில் ஃபேனைச் செருகியிருக்கும் ஹெடர் `PWM` என்று இருந்தால், போர்டு கட்டளையை ஃபேன் தொடாத பின்னுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். 12 வோல்ட் குறையாது, ஃபேனும் நாள் முழுக்க உச்ச வேகத்தில் ஓடும். பிளக் பொருந்துகிறது என்பதற்காகக் கட்டுப்பாடும் வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். `Auto` என்று விட்டாலும் சில போர்டுகள் தப்பாகக் கணிக்கும். கம்பிகளை எண்ணுங்கள். மூன்று என்றால் `DC`, நான்கு என்றால் `PWM`. நீங்களே தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள்.

`DC` என்று மாற்றியதும் சத்தம் அடங்கும். அதோடு விடாதீர்கள், அடுத்த தவறு இங்கேதான் நடக்கிறது. வோல்டேஜ் ரொம்ப இறங்கினால் மூணு பின் ஃபேன் நின்றுவிடும். நின்ற ஃபேன் மறுபடி கிளம்ப, ஓடிக்கொண்டிருக்கத் தேவைப்பட்டதைவிடக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். ஸ்டுடியோ சிஸ்டத்தில் பயாஸுக்குள் ஐந்து ஐந்து சதவீதமாக இறக்கிப் பார்த்தபோது 45-ல் சுமார் 500 ஆர்பிஎம் காட்டியது, 40-ல் நின்றது. திரும்ப ஏற்றியபோது 45-ல் அசையவில்லை. 50-ல், அதாவது 6 வோல்ட்டில்தான் கிளம்பியது. அதனால் கீழ் எல்லையாக 60 சதவீதம் வைத்தோம். ஒரே ஹெடரில் ஒய் கேபிள் போட்டு இரண்டு ஃபேன் மாட்டியிருந்தால் ஒன்றின் ஆர்பிஎம் மட்டுமே திரையில் தெரியும். மற்றது நின்றதா என்பதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

அந்த 10 சதவீத இடைவெளி நம் கடலோரத்துக்கு அவசியம். உப்புக் காற்றில் தூசி பிசுபிசுப்பாக ஒட்டும், கச்சான் காற்று மணலை வேறு அள்ளி வரும். பேரிங் இறுகஇறுக, கிளம்பும் வோல்டேஜும் ஏறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். புளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் ஃபேன் தாறுமாறாகச் சுழன்றால் பேரிங்தான் கெடும்.

இனி கர்வ், அதாவது எந்தச் சூட்டில் ஃபேன் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று போடும் கோடு. இணையத்தில் கிடைக்கும் கர்வ்கள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறைக்கு எழுதியவை. ஏசி இல்லாத அந்த ஸ்டுடியோவில் மே மாத மதியம் அறை 34 டிகிரி. சும்மா இருக்கும்போதே பிராசஸர் 48-ல் நிற்கும். 40-லிருந்து ஏறத் தொடங்கும் கர்வைப் போட்டால் ஃபேன் அடங்கவே அடங்காது. ஆகவே மதிய வெயிலில் அளந்துவிட்டு, சும்மா இருக்கும் சூட்டுக்கு ஏழெட்டு டிகிரி மேலேவரை கோட்டைச் சமமாக வையுங்கள். அங்கே போட்டது இது:

```
55°C   60%
65°C   70%
75°C   85%
85°C  100%
```

படம் ஒன்றைத் திறந்தாலே பிராசஸர் சூடு ஒரு நொடியில் பத்து டிகிரி தாவும். ஃபேன் அதன் பின்னாலேயே ஓடினால் “உய்ங், உய்ங்” என்று ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். நிலையான இரைச்சலைவிட இது எரிச்சல். `Step Up` நேரத்தை மூன்று நொடிக்கு மேலும், `Step Down` நேரத்தை அதைவிடக் கூடுதலாகவும் வையுங்கள்.

மாற்றிய பிறகு, சும்மா இருக்கும்போது ஃபேன் 1200-லிருந்து சுமார் 720 ஆர்பிஎம்முக்கு இறங்கியது. கணக்குப்படி ஃபேன் சத்தம் 11 டெசிபல் குறையும், காற்றோட்டமோ நாற்பது சதவீதம்தான் குறையும். சூடு 48-லிருந்து 50 ஆனது. அரை மணி நேரம் வீடியோ ரெண்டர் ஓட்டியபோது 76 டிகிரி 78 ஆனது, அவ்வளவுதான். இந்தச் சோதனையைக் காலைக் குளிரில் செய்துவிட்டு “சரியாக இருக்கிறது” என்று கேபினெட்டை மூடாதீர்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு ஓட்டுங்கள். 90-ஐ நெருங்கினால் ஃபேன் ஏற்கெனவே 100 சதவீதத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும், கர்வை மாற்றிப் பயனில்லை.