ஆறு நாளில் அச்சான ஆய்வுக் கட்டுரை

இந்த வருடம் இது நான்காவது பிள்ளை. நான்கு பேருமே தோட்டத்திலிருந்து படித்து வந்தவர்கள். கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் முன் பெயருக்கு ஒரு கட்டுரையாவது இருக்க வேண்டும் என்று யாரோ சொல்ல, நான்கு பேருமே போலி ஆய்வு இதழ்களுக்குக் காசு கட்டி ஏமாந்திருக்கிறார்கள். கலாநிதிப் பட்டத்துக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் பல வருடங்களாக உட்கார்ந்து வருகிறேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

கடைசியாக வந்த பிள்ளையின் கதையைச் சொல்கிறேன். கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையில் டொலமைட் போட்டால் மண்ணின் அமிலத்தன்மை எவ்வளவு குறைகிறது என்பதுதான் அவளுடைய இறுதியாண்டு ஆய்வு. டொலமைட் போட்ட பாத்திகள், போடாத பாத்திகள் என்று இரண்டையும் ஒரு வருடம் அளந்திருந்தாள். நல்ல வேலை. பட்டம் முடிந்த கையோடு அப்படியான ஓர் இதழிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது: "மதிப்புக்குரிய பேராசிரியரே, உங்கள் கட்டுரையை எதிர்பார்க்கிறோம்." அம்மா சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசில் 150 டொலர் கட்டினாள். ஆறாம் நாள் கட்டுரை வெளிவந்துவிட்டது. ஆறு பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்றதால் டொலமைட் போடாத பாத்திகளின் அட்டவணையை எடுத்துவிட்டாள். மேற்பார்வையாளரிடம் கேட்காமலே அவர் பெயரையும் சேர்த்துவிட்டாள், மரியாதைக்காக.

நேர்முகத்தில் குழுவில் ஒருவர் அந்தக் கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "டொலமைட் போடாத மண் அந்த ஒரு வருடத்தில் எப்படி இருந்தது? அது தெரியாமல் இந்த மாற்றம் டொலமைட்டால் வந்ததா, மழையால் வந்ததா என்று எப்படிச் சொல்வது?" அவளுக்குப் பதில் தெரியும், ஆய்வேட்டிலும் இருக்கிறது. சொன்னாள். "அப்படியானால் வெளியிடும் முன் கட்டுரையைப் படித்த இதழின் மதிப்பீட்டாளர்கள் இதைக் கேட்கவில்லையா?" என்றார் அடுத்தவர். அதற்கு அவளிடம் பதில் இல்லை. அந்தக் கட்டுரையை யாரும் படிக்கவே இல்லையே.

"அதுக்கு ஐ.எஸ்.எஸ்.என். இருக்கு மிஸ், டி.ஓ.ஐ. கூட இருக்கு" என்கிறார்கள். தயவுசெய்து இதைக் கேளுங்கள். ஐ.எஸ்.எஸ்.என். என்பது தொடர்ந்து வெளிவரும் எந்த இதழும் வாங்கக்கூடிய அடையாள எண். சமையல் இதழுக்கும் அது உண்டு. டி.ஓ.ஐ. என்பது ஓர் ஆவணம் இணையத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும் நிரந்தர முகவரி. உள்ளே இருப்பது சரியா பிழையா என்று இரண்டுமே சொல்லாது. "தாக்கக் காரணி 6.2" என்று முகப்பில் போட்டிருந்தாலும் அப்படித்தான். ஓர் இதழின் கட்டுரைகளை மற்றவர்கள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதுதான் தாக்கக் காரணி. அந்த எண்ணைக் கணக்கிட்டு வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம். அதுபோன்ற பெயரில் எண் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். இன்னொன்று, காசு கேட்பதே மோசடி என்றும் நினைக்காதீர்கள். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய நல்ல திறந்த அணுக்க இதழ்களிலும் பல, எழுதுகிறவரிடம் கட்டணம் வாங்குகின்றன. உங்கள் கட்டுரையை அந்தத் துறை தெரிந்த யாராவது படித்துக் கேள்வி கேட்டார்களா? அதைப் பாருங்கள். உண்மையான மதிப்பீட்டுக்கு வழக்கமாகப் பல மாதங்கள் போகும்.

சரி, குழு என்னதான் பார்க்கிறது? கட்டுரைகளை எண்ணுவதில்லை. இந்தப் பிள்ளைக்கு ஒரு கேள்வியை எடுத்து முடிவுவரை கொண்டுபோகத் தெரியுமா என்று பார்க்கிறோம். ஆய்வேடும், மேற்பார்வையாளரின் பரிந்துரைக் கடிதமும், நேர்முகப் பேச்சும் அதைச் சொல்லிவிடும். கட்டுரையே இல்லாத எத்தனையோ பேரை எடுத்திருக்கிறோம். நல்ல இதழில் நான்காவது பெயராக இருந்தாலும், "மண் மாதிரி எடுத்ததும் பகுப்பாய்வு செய்ததும் நான்" என்று தெளிவாகச் சொல்லி, கடிதமும் அதையே சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு. முதல் பெயராக இருந்து தன் அட்டவணையை விளக்கத் தெரியாவிட்டால், அந்தக் கட்டுரை இல்லாமல் வந்திருப்பதே மேல். (பெயர் வரிசையும் துறைக்குத் துறை மாறும். கணிதத்திலும் பொருளியலிலும் பெரும்பாலும் அகர வரிசைதான்.)

அவள் இழந்தது காசு மட்டும் இல்லை. ஒருமுறை வெளிவந்த தரவை நல்ல இதழ்கள் புதிய கட்டுரையாக மறுபடி ஏற்காது. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினாள். அதற்கும் கட்டணம் கேட்டார்கள். ஒரு வருடம் மலை ஏறி இறங்கிச் சேர்த்த அளவீடுகள் அங்கே மாட்டிக்கொண்டு கிடக்கின்றன. மேற்பார்வையாளரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். வெளியிடாத பாத்திகளின் தரவை வைத்து என்ன செய்யலாம் என்று இருவரும் பார்க்கிறார்கள்.

விண்ணப்பத்துக்கு முன் நேரம் போதாவிட்டால் கட்டுரையை நல்ல இதழுக்கு அனுப்பிவிட்டு, "மதிப்பீட்டில் உள்ளது" என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அனுப்பாததை அனுப்பியதாக எழுதாதீர்கள், கேட்போம். மேற்பார்வையாளர் படித்துச் சம்மதிக்காமல் அவர் பெயரைப் போடவே கூடாது. இதழைப் பற்றிச் சந்தேகம் என்றால் thinkchecksubmit.org தளத்தில் உள்ள கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். திறந்த அணுக்க இதழ் என்றால் doaj.org பட்டியலிலும் தேடுங்கள். அப்புறம், காசு அனுப்பும் முன் அந்த மின்னஞ்சலை உங்களுக்குப் படிப்பித்த யாருக்காவது அனுப்பிக் காட்டுங்கள் பிள்ளைகளே. எனக்கு அனுப்பினாலும் சரி, அன்றைக்கே பார்த்துச் சொல்கிறேன்.