தூங்குபவன் கையில் பூட்டு: கூட்டம் கூடினால் செயலி ஏன் உறைகிறது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தைப்பொங்கலுக்கு யாழ்ப்பாணம் போக இரவு பஸ்ஸில் சீட் பிடிக்கலாம் என்று செயலியைத் திறந்தேன். எட்டு மணிக்கு புக்கிங் தொடங்கியதும் வட்டம் சுற்ற ஆரம்பித்தது, நிற்கவேயில்லை. கடைசியில் ஆங்கிலத்தில் ஏதோ வந்தது. சர்வர் சின்னதாக இருப்பதுதான் காரணமா?" கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பியிருந்தார். அதில் இருந்தது இதுதான்:

```
ERROR 1205 (HY000): Lock wait timeout exceeded; try restarting transaction
```

மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸோடு பழகியவர்களுக்கு இது அறிமுகமான முகம். பொதுமக்களுக்கு இதை அப்படியே காட்டியிருக்கக் கூடாது. ஆனால் காட்டியதால் நமக்கு நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. சர்வர் சின்னதாக இருந்ததற்கு இதில் எந்தச் சான்றும் இல்லை. பெரும்பாலும் அந்த நேரத்தில் டேட்டாபேஸ் சும்மா இருந்திருக்கும்.

அதெப்படி என்று பார்ப்போம். இப்படிப்பட்ட செயலிகளில் நான் அடிக்கடி காணும் அமைப்பு இது. டேட்டாபேஸ் டேபிளில் ஒரு பஸ்ஸுக்கு ஒரு வரிசை. அதில் மீதமுள்ள சீட்டுகளின் எண்ணிக்கை. யாராவது வாங்கும்போது அதில் ஒன்றைக் கழித்து, வங்கியிடம் பணத்தைக் கேட்டு, பதில் வந்ததும் எல்லாவற்றையும் உறுதி செய்கிறார்கள்.

```sql
START TRANSACTION;
UPDATE trips SET seats_left = seats_left - 1
 WHERE id = 417 AND seats_left > 0;
-- இங்கே வங்கியின் பதிலுக்குக் காத்திருப்பு
COMMIT;
```

படிக்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. சோதித்துப் பார்க்கும்போதும் ஒழுங்காகத்தான் ஓடும், ஏனென்றால் சோதிப்பவர் ஒருவர்தான். சிக்கல் இரண்டாவது ஆள் வரும்போது தொடங்குகிறது. `UPDATE` அந்த வரிசையைத் தொட்டதும் டேட்டாபேஸ் அதன்மேல் ஒரு பூட்டைப் போடுகிறது. மாற்றும் வேலை ஒரு மில்லிசெக்கனில் முடிந்துவிடும். பூட்டு அப்போது திறக்காது. எல்லாவற்றையும் உறுதி செய்யும் `COMMIT` வரும்வரை அப்படியே இருக்கும்.

ஏன் இந்தப் பிடிவாதம்? கடைசி சீட்டை நீங்கள் எடுத்ததும் பூட்டு திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தவர் பூச்சியத்தைப் பார்த்து ஏமாந்து போகிறார். அதன் பிறகு உங்கள் கார்டை வங்கி மறுக்கிறது, சீட் திரும்பி வருகிறது. அவர் நடக்காத ஒரு விற்பனையை நம்பித் திரும்பிப் போயிருக்கிறார். இந்த வகைக் குழப்பத்தைத் தவிர்க்கும் பூட்டு விதிகளை டேட்டாபேஸ் ஆய்வாளர் ஜிம் கிரே உள்ளிட்ட நால்வர் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்திலிருந்து 1976இல் எழுதினார்கள். ஐபிஎம்மின் முதல் ரிலேஷனல் டேட்டாபேஸ் விற்பனைக்கு வந்தது 1981இல். விற்கப் பொருள் இல்லாத காலத்தில் ஆய்வுக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் புதுச் சர்வருக்கு டெண்டர் போடுவார்கள்; ஆயிரம் பேர் ஒன்றாக வந்தால் என்ன ஆகும் என்று அளந்து பார்க்க ஒரு மாதச் சம்பளம் கேட்டால் யோசிப்பார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். வங்கி பதில் தர 2 செக்கன் என்று வையுங்கள். அந்த வரிசையின் பூட்டு ஒருவர் கையில் 2 செக்கன் இருக்கிறது; ஆகவே நிமிடத்துக்கு 30 பேர்தான் வாங்க முடியும். எத்தனை விலையுயர்ந்த சர்வர் வாங்கினாலும் இந்த 30 மாறாது.

எட்டு மணிக்கு 200 பேர் ஒன்றாகத் தட்டுகிறார்கள். செயலிக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் இணைப்புகள் திறந்து வைக்கப்பட்டிருக்கும். ஜாவா உலகில் இந்த இணைப்புகளைப் பராமரிக்கும் பரவலான மென்பொருளான ஹிகாரி, யாரும் மாற்றாவிட்டால் 10 இணைப்புகள் வைத்திருக்கும். முதல் பத்துப் பேர் உள்ளே போகிறார்கள். ஒருவர் வங்கிக்காகக் காத்திருக்க, ஒன்பது பேர் அவருக்காகக் காத்திருக்கிறார்கள். மற்ற 190 பேருக்கு இணைப்பே கிடைக்கவில்லை. அங்கே பொறுமையின் எல்லை 30 செக்கன். 2 செக்கனுக்கு ஓர் இணைப்பாக விடுபட்டால் அதற்குள் இன்னும் 15 பேர் உள்ளே போவார்கள். மீதி 175 பேருக்கும் ஏறக்குறைய ஒரே நொடியில் பிழைச்செய்தி.

இதில் பாவம், டிக்கெட் வாங்கவே வராதவர்கள். பஸ் எத்தனை மணிக்கு என்று பார்க்க வந்தவர் பூட்டிய வரிசையை மாற்றப் போவதில்லை; மாற்றாமல் வாசிக்க மட்டும் வருபவரை டேட்டாபேஸ் தடுப்பதும் இல்லை, பழைய பிரதியைக் காட்டி அனுப்பிவிடும். ஆனாலும் அவர் டேட்டாபேஸ்வரை போய்ச் சேர ஓர் இணைப்பு வேண்டுமே. பத்தும் பூட்டின் முன்னால் நிற்கின்றன. ஒரே ஒரு வரிசை முழுச் செயலியையும் சாய்ப்பது இப்படித்தான்.

அப்படியானால் வாசகி கண்ட 1205? பூட்டுக்காக மைஎஸ்கியூஎல் வழக்கமாக 50 செக்கன் காத்திருக்கும். மேலே சொன்ன கணக்கில் உள்ளே நிற்பவர் அதிகம் போனால் 20 செக்கன்தான் காத்திருப்பார், அந்தப் பிழை வராது. யாரோ ஒருவருடைய வங்கி பதில் தராமல் ஒரு நிமிடம் தொங்கியிருக்க வேண்டும். பின்னால் நின்ற ஒன்பது பேரும் 50 செக்கன் கடந்ததும் 1205 வாங்கியிருப்பார்கள். வாசகி அந்த ஒன்பதில் ஒருவர்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இனித்தான் வருகிறது: குற்றவாளியைத் தேடுவது. செயலி உறைந்திருக்கும்போதே டேட்டாபேஸில் இதைக் கேட்கலாம்:

```sql
SELECT wait_age, waiting_query, blocking_pid, blocking_query
FROM sys.innodb_lock_waits;
```

யார் காத்திருக்கிறார், எவ்வளவு நேரமாக, யார் மறிக்கிறார் என்றெல்லாம் வரும். ஆனால் மறிப்பவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று சொல்ல வேண்டிய கடைசிப் பெட்டியில் `NULL`, அதாவது ஒன்றுமில்லை, என்று இருக்கும். அந்த இணைப்பின் எண்ணைக் கொண்டு, இணைப்புகளைப் பட்டியலிடும் `SHOW PROCESSLIST`இல் தேடினால் `Sleep`. தூங்குகிறாராம்! பெற்றோல் செட்டில் கழிப்பறைத் திறப்பை வாங்கியவர், போய்விட்டு வந்தும் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஃபோன் பேசுவதைப் போல. டேட்டாபேஸ் பார்வையில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. தன் `UPDATE`ஐ எப்போதோ முடித்துவிட்டார். மெதுவாக ஓடும் கட்டளைகளின் பட்டியலில் தேடினால் அவரைப் பிடிக்கவே முடியாது. சிபியு 5 சதவீதத்தில் படுத்திருக்க, செயலி செத்துக் கிடக்கும்.

ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிடுவதும் இதனால்தான். தூங்குபவரின் இணைப்பு அறுந்து, அவர் வேலை ரத்தாகி, பூட்டு விடுபடுகிறது. காரணம் தெரியாமல் ரீஸ்டார்ட் செய்வதும், புதுச் சர்வர் அறைக்கு முன்னால் தேசிக்காய் வெட்டுவதும் என் கணக்கில் ஒரே சடங்குதான். அடுத்த முறை எட்டு மணிக்குக் கூட்டம் வந்தால் அதே கதை.

மருந்து, வங்கியைப் பூட்டுக்கு வெளியே வைப்பது. முதலில் சீட்டைக் கழித்து, "பத்து நிமிடத்துக்கு இவருக்கு" என்று குறித்து, உடனே `COMMIT`. அப்புறம் பூட்டு எதுவும் இல்லாமல், இணைப்பையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, வங்கியிடம் பேசலாம். பதில் வந்ததும் இன்னொரு குட்டி வேலையாக உறுதி செய்யலாம். பூட்டு இப்போது ஒருவர் கையில் 5 மில்லிசெக்கன் என்றால், நிமிடத்துக்கு 30 என்றிருந்தது செக்கனுக்கே 200 ஆகிவிடும். ஒவ்வொரு சீட்டுக்கும் தனி வரிசை வைத்தால் இன்னும் நல்லது. மைஎஸ்கியூஎல் 8.0இல் உள்ள `SKIP LOCKED`, பூட்டிய சீட்டைத் தாண்டி அடுத்ததைத் தரும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. பத்து நிமிடம் கழிந்த பிறகு வங்கி "பணம் எடுத்தாயிற்று" என்று சொன்னால் சீட் வேறொருவரிடம் போயிருக்கலாம். பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் ஒரு வழி எழுத வேண்டும். நன்றாக எழுதிய செயலியிலும் எட்டு மணி ஒரு நிமிடத்துக்கெல்லாம் "சீட் இல்லை" என்று வரும், போனதாகக் காட்டும் சீட்டுகளில் சில இன்னும் பணம் கட்டாமல் பிடித்து வைத்தவை. ஆகவே வாசகிக்கு ஒன்று சொல்வேன்: அப்படி வந்தால் எட்டேகாலுக்கு மறுபடி பாருங்கள்.