அறிதல் சுமை

ஆசிரியர் கூட்டங்களில் ‘காக்னிட்டிவ் லோட்’ என்ற சொல் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. தமிழில் சொல்லும்போது பலர் ‘மனச்சுமை’ என்கிறார்கள். பொருள் அங்கேயே தடம் மாறிவிடுகிறது. கடலுக்குப் போன அப்பா குறித்த நேரத்துக்குக் கரை திரும்பாத பிள்ளைக்கு இருப்பதுதான் மனச்சுமை. ஆஸ்திரேலியக் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988இல் எழுதிய கட்டுரையில் பேசியது வேறு: ஒரு கணக்கைப் போடும் அந்த நிமிடத்தில் மாணவர் எத்தனை புதிய செய்திகளை ஒருசேர மனத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது என்பது.

‘காக்னிட்டிவ்’ என்ற முதல் பாதி இலத்தீனின் ‘காக்னோஸ்கெரே’யிலிருந்து வந்தது, அறிந்துகொள் என்று பொருள். வடமொழியின் ‘ஞா’வும் அதற்கு வேர்வழி உறவுதான். இதை ‘அறிவுச் சுமை’ என்று பெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். அறிவு ஏற்கெனவே சேர்ந்த இருப்பு. அது கூடக்கூடச் சுமை குறையும். அறிதல், நடந்துகொண்டிருக்கும் வேலை. சுமை அந்த வேலையில்தான் இருக்கிறது. ‘லோட்’ என்பதற்குப் ‘பளு’ என்று போடலாமா என்றால், நெம்புகோல் பாடத்தில் அந்தச் சொல் நியூட்டனில் அளக்கும் விசையைக் குறிக்கிறது. இயற்பியல் வகுப்பில் குழப்பும். ஆகவே ‘அறிதல் சுமை’ என்பதே என் தேர்வு.

இந்தச் சுமையில் ஒரு பங்கு பாடத்துக்கே உரியது, அதைத் தவிர்க்க முடியாது. இன்னொரு பங்கை நாம் எழுதும் விதத்தால் ஏற்றிவிடுகிறோம். மண்டபம் என்ற கடலோர ஊரில் நான் பத்தாம் வகுப்புக்கு நடத்தும் எதிரொலிக் கணக்கில் இரண்டையும் பார்க்கலாம். பாக் நீரிணையில் நிற்கும் விசைப்படகில் ஆழம் அளக்கும் கருவியான எக்கோ சவுண்டர் ஒலியை அனுப்புகிறது, 0.016 நொடியில் எதிரொலி திரும்புகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்கு 1500 மீட்டர் போகிறது என்று கொண்டால் ஆழம் என்ன?

முதலில் இதைப் பலகையில் நான் செய்து காட்டிய விதம்: மேலே படகும் கடல்தரையும், A, B என்ற எழுத்துகளோடு. கீழே தரவுகளின் பட்டியல். அதற்கும் கீழே `d = vt/2`, பிறகு விடை. கணக்கில் பிழை ஏதுமில்லை. ஆனால் முதல் பெஞ்சுப் பெண்ணின் குறிப்பேட்டைப் பார்த்தேன். இடக்கை விரல் படத்தின் B மேல் இருந்தது. வலக்கை விரல் `t` எது என்று தரவுகளில் தேடிக்கொண்டிருந்தது. அங்கே கண்டுபிடித்து மேலே வருவதற்குள் B எதற்கென்று மறந்துபோய், மறுபடி கீழே இறங்கினாள். அவள் உழைப்பெல்லாம் தேடுவதிலேயே போனது. ஒலி போய்த் திரும்புகிறது என்ற ஒரே கருத்துக்கு இடமே மிஞ்சவில்லை.

மார்க் வார்டும் ஸ்வெல்லரும் 1990இல் உயர்நிலைப் பள்ளி இயற்பியலில் கண்டதும் இதுவே. படம் ஓரிடம், விளக்கம் ஓரிடம் என்று பிரிந்து கிடந்த மாதிரிக் கணக்குகள், மாணவர்களைத் தாங்களாகவே கணக்குப் போட விட்டதைவிடப் பெரிதாக உதவவில்லை. இரண்டையும் ஒன்றாக இணைத்து எழுதியபோதுதான் பலன் தெரிந்தது.

இப்போது A, B எழுத்துகளை எடுத்துவிட்டேன். படகிலிருந்து இறங்கும் அம்பின் மேலேயே ‘போகும் வழி’ என்றும், ஏறும் அம்பின் மேல் ‘திரும்பும் வழி’ என்றும் எழுதுகிறேன். இரண்டு அம்புகளையும் வளைத்து ஒரே அடைப்புக்குறி. அதன் பக்கத்தில் ‘மொத்தம் 0.016 நொடி, 1500 × 0.016 = 24 மீட்டர்’. கீழிறங்கும் அம்பின் பக்கத்தில் மட்டும் ‘பாதி: 12 மீட்டர்’. வாய்பாட்டை எல்லாம் முடிந்த பிறகே எழுதுகிறேன். அதுவரை இரண்டால் வகுப்பதற்கான காரணம் கண்ணெதிரே இருக்கும்.

புரிந்ததா என்று பார்க்க அதே வகைக் கணக்கு உதவாது. மின்னல் கண்டு 6 நொடி கழித்து இடி கேட்டது, காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர், மின்னல் எவ்வளவு தூரத்தில் என்று கேட்பேன். விடை 2040 மீட்டர். 1020 என்று எழுதுகிறவர், ‘எதிரொலி என்றால் பாதி’ என்பதை மனப்பாடம் செய்திருக்கிறார். ஒலி ஒரு வழி மட்டுமே வந்ததைப் பார்க்கவில்லை. அவருக்குப் படத்தோடு இன்னொரு மாதிரி வேண்டும்.

சரியாக எழுதியவருக்கு அதே முழு விளக்கத்தை மறுபடி தரக் கூடாது. தெரிந்ததைத் திரும்பப் படித்து, தன் மனத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே அவருக்கு வேண்டாத சுமை. ஸ்லாவா கல்யுகாவும் கூட்டாளிகளும் 2003இல் இதைத் தெளிவாக எழுதினார்கள். சரியாக எழுதிய மாணவருக்கு நான் அம்புகளும் 0.016உம் மட்டும் போட்டுக் கடைசி வரியைக் காலியாக விடுகிறேன். அடுத்த கணக்கில் அம்புகளும் இருக்காது, படகும் கடல்தரையும் மட்டும்தான்.